மூவாயிரம் பாட்டும் ஒரு கெட்டிமேளமும்

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் ரோட்டில் மைக் செட் வைத்திருக்கும் தனசேகரனிடம் ஒரு பாட்டைக் கேட்டு, 'இல்லை' என்ற பதிலை வாங்கியவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான்.

ஆறு வருடத்துக்கு முன்னால் மலையில் ஒரு காதுகுத்து. குழந்தையின் தாய்மாமன், காலையிலேயே கொஞ்சம் ஏற்றிக்கொண்டவர், தன் கல்யாணத்தில் போட்ட பாட்டு வேண்டும் என்று வந்து நின்றார். பென்டிரைவில் அது கிடையாது. போனில் தேடி எடுக்கலாம் என்றால் அந்த ஊரில் சிக்னல் ஒரு கோடு கூட இல்லை. "அது இல்லீங்களே" என்றான் தனசேகரன். தாய்மாமன் மைக்கைப் பிடுங்கி, "பாட்டு இல்லாத பொட்டிய எதுக்குய்யா மலைக்குத் தூக்கியாந்தே? உன் வூட்லயே வச்சி சாமை கொட்டி வையி!" என்று குழாய் ஸ்பீக்கரிலேயே சொல்லிவிட்டார். பக்கத்து ஊர் வரைக்கும் கேட்டது. பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் சோற்றை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

மனுஷனுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. ஐம்பது வயதை நெருங்கும் ஆள், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், பதினாறு வயதிலிருந்து குழாய் கட்டுகிறவன். அவன் கட்டிய குழாய் காற்றில் திரும்பியதில்லை, அவன் இழுத்த ஒயரில் யாரும் தடுக்கி விழுந்ததில்லை. அப்படிப்பட்டவனைப் போய் சாமை கொட்டச் சொன்னால்?

அப்புறம் பாட்டு ஆப் வந்தது. மாதாமாதம் காசு கட்டினால் போதும், வேண்டிய பாட்டைப் போனிலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம், சிக்னல் இல்லாத இடத்திலும் ஓடும் என்று யாரோ சொன்னார்கள். தனசேகரன் இறக்க ஆரம்பித்தான். இறக்கினான், இறக்கினான், இறக்கிக்கொண்டே இருந்தான். ஒரு கல்யாணத்தில் யாராவது ஒரு பாட்டைக் கேட்டுவிட்டால், அந்தப் பாட்டுக்கு ஆடின நடிகரின் எல்லாப் பாட்டும் போனுக்குள் வந்துவிடும். அதுவும் சின்ன அளவில் இறக்க மாட்டான். பெரிய ஸ்பீக்கர் பாக்ஸில் போட்டால் பிசிறடிக்கும் என்று எல்லாமே ஆகப் பெரிய தரத்தில்தான். ஒரு பாட்டு பத்து எம்பி. இப்போது கணக்கு மூவாயிரத்தைத் தாண்டிவிட்டது.

இறக்குவது அவன் வேலை. இறக்கியதை அடுக்கி வைப்பது அவன் மனைவி கோகிலவாணியின் வேலை. ப்ளேலிஸ்ட் என்று ஒன்று உண்டே, அதை அவள்தான் போடுவாள். பெயரும் அவள் வைப்பதுதான். 'விடியல் சாமி', 'பந்தி ஒண்ணு', 'பந்தி ரெண்டு', 'மாமன் ஆட்டம்', 'சண்டை வந்தா' என்று அறுபது எழுபது லிஸ்ட். 'சண்டை வந்தா' என்பது, மாப்பிள்ளை வீட்டுக்கும் பெண் வீட்டுக்கும் வாய் தடித்தால் உடனே போட வேண்டிய பக்திப் பாட்டுகள். எந்த நேரத்தில் எது ஓட வேண்டும் என்பது அவளுக்கு மனப்பாடம். தனசேகரனுக்கு ஒயர் தெரியும், அவளுக்குப் பாட்டு தெரியும். இருவரும் சேர்ந்தால்தான் செட்டு.

ஆனால் போனை மட்டும் அவளிடம் விடமாட்டான். அதற்கு ஒரு காரணம் உண்டு.

இரண்டு வருடத்துக்கு முன்னால் போன் மெதுவாக ஓடுகிறது என்று டவுனில் ஒரு போன் கடையில் கொடுத்தான். கடைக்காரன், "க்ளியர் பண்ணிட்டா ஜம்முனு ஆயிடும்ணா" என்று டக் டக்கென்று எதையோ அமுக்கினான். ஜம்மென்றுதான் ஆனது. ஆப்பைத் திறந்தால், புதிதாக வந்தவனைப் போல "யார் நீ" என்று நம்பரைக் கேட்டது. நம்பரைப் போட்டு உள்ளே போனால் லிஸ்டின் பெயரெல்லாம் இருந்தது, லிஸ்டுக்குள் ஒரு பாட்டு கூடப் போனில் இல்லை. அப்போது வைத்திருந்த ஆயிரத்து நானூறு பாட்டையும் திரும்ப இறக்க எட்டு நாள் ஆனது. ஒரு நாளைக்கு இத்தனை ஜிபி என்று நெட் கம்பெனிக்காரன் அளந்து ஊற்றினால் வேறென்ன செய்ய? அந்த எட்டு நாளும் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. அன்றிலிருந்து 'க்ளியர்' என்று எழுதியிருக்கும் எதையும் தொடமாட்டான். யாரையும் தொடவும் விடமாட்டான்.

கோகிலவாணி அப்படி விடுகிறவள் இல்லை. தன்னுடைய சின்னப் போனில் அதே ஆப்பைப் போட்டு, இரண்டு பாட்டை இறக்கி, நெட்டை நிறுத்திவிட்டு ஒவ்வொரு பட்டனாக அமுக்கிப் பார்த்தாள். ஒன்றை அமுக்கினால் இரண்டு பாட்டும் அப்படியே பாடின. இன்னொன்றை அமுக்கினால் இரண்டும் காணோம். திரும்ப இறக்கி, திரும்ப அமுக்கினாள். மூன்று தடவை. அப்புறம்தான் வந்து சொன்னாள்.

"ஏங்க, ரெண்டு பட்டன் கீதுங்க. ஒண்ணு ஆப்பு சேர்த்து வச்சிக்கினு கீற குப்பைய மட்டும் தூக்கும். இன்னொண்ணு மொத்தத்தையும் தூக்கிடும். கடைக்காரன் அமுக்குனது ரெண்டாவது."

"உன் போன்ல ரெண்டு பாட்டு. என் போன்ல ரெண்டாயிரம். ரெண்டும் ஒண்ணா?"

"பட்டன் ஒண்ணுதானுங்களே."

"போம்மே, போயி வேலையப் பாரு."

பேச்சு அத்தோடு நின்றது. போன் மட்டும் ரொம்பிக்கொண்டே போனது.

போன பங்குனியில், வெள்ளிமலை தாண்டிக் கரியாலூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரில் கல்யாணம். சின்னப்பையன் என்பவர் மகள் நர்மதாவுக்கு. சின்னப்பையன் சாமையும் மரவள்ளியும் போடுகிறவர், அதிகம் பேசாத மனிதர். ஒரு மாதம் முன்னாலேயே இறங்கி வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"மேளக்காரங்கள கீழயிருந்து கூட்டியாற தோதுப்படல, செட்டுக்காரரே. தாலி கட்றப்ப கெட்டிமேளம் நீங்கதான் போடணும். பொண்ணுக்கு ஒரே ஆசை அதான். மேளம் இல்லாம கட்டமாட்டேன்னு சொல்லிக்கினு கீது."

"அதுக்கு நானாச்சு" என்றான் தனசேகரன்.

அவனுக்குத் தன்னிடமிருந்த கெட்டிமேளத்தின் மேல் ரொம்ப நாளாகவே மனக்குறை. பழைய பதிவு, நாகஸ்வரம் தொண்டை கட்டிய மாதிரி இருக்கும். கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம், கடையில் உட்கார்ந்தபடியே ஆப்பில் தேடி ஒரு புதுப் பதிவைப் பிடித்தான். தவில் ஒவ்வொரு அடியும் நெஞ்சில் விழுந்தது. உடனே 'தாலி' லிஸ்டிலிருந்து பழையதைத் தூக்கிவிட்டுப் புதியதைச் சேர்த்தான். லிஸ்டில் சேர்த்தால் தானாகவே இறங்கிவிடும், அது அந்த ஆப்பின் ஏற்பாடு. போன் மேலே ஏதோ ஒரு சேதியைக் காட்டியது. போன் காட்டும் சேதியை எல்லாம் தனசேகரன் ஈயை ஓட்டுவது போல விரலால் தள்ளிவிடுவான். இதையும் தள்ளினான். பாட்டை இரண்டு தடவை போட்டுக் கேட்டான். பிரமாதமாக ஓடியது. சரி, வந்துவிட்டது என்று எழுந்து ஒயர் சுற்றப் போய்விட்டான்.

சாயங்காலம் குட்டியானை லோடு வண்டியில் பாக்ஸ், குழாய், ஜெனரேட்டர் எல்லாம் ஏற்றிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் மலைக்குக் கிளம்பினார்கள். வண்டி ஓட்டியவன் பிச்சைமுத்து. பத்து வருடமாகத் தனசேகரனின் சரக்கை இழுக்கிறவன். அவன் வாய்க்கு மட்டும் பிரேக் கிடையாது.

மறுநாள் காலை ஐந்தரைக்கு 'விடியல் சாமி' ஓட ஆரம்பித்தது. ஏழு மணி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. ஏழரைக்கு, 'பந்தி ஒண்ணு' லிஸ்டில் நாலாவது பாட்டின் நடுவில், பாட்டு நின்றது. தனசேகரன் ஒயரைப் பார்த்தான். ஒயர் சரியாக இருந்தது. போனைப் பார்த்தான். ஆப் தானாக மூடிக்கொண்டிருந்தது. திறந்தான். ஒரு விநாடி முகத்தைக் காட்டிவிட்டுத் திரும்ப மூடிக்கொண்டது. இன்னொரு தடவை. அதே கதை. மேலே ஒரு சேதி நின்றது. இந்தத் தடவை விரலால் தள்ளாமல் கோகிலவாணியிடம் நீட்டினான்.

"சேமிப்பிடம் நிறைந்துவிட்டது" என்று படித்தாள். "போன் ரொம்பிடுச்சிங்க. துளி எடமில்ல. எடமில்லாம ஆப்பு மூச்சு முட்டிப் படுத்துடுச்சி."

"நேத்து நல்லாத்தானே ஓடிச்சி?"

"ராத்திரி வெள்ளிமலையாண்ட வர்றப்ப சிக்னல் கெடைச்சதும் உங்க குரூப்புங்க அனுப்புன வீடியோலாம் சரசரன்னு வந்து உக்காந்திருக்கும். இருந்த கொஞ்சநஞ்ச எடமும் போச்சி."

முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. மணி ஏழு நாற்பது.

பிச்சைமுத்து பந்தலுக்கு வெளியே வண்டியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். "இன்னாண்ணா, செட்டு மௌன விரதமா?"

"நீ மூடு."

"நம்ம பென்டிரைவ் எங்க போச்சி?"

பென்டிரைவ், ஆப் வந்த வருஷமே காணாமல் போயிருந்தது. இருந்தாலும் பயனில்லை. ஆப்பில் இறக்கிய பாட்டு ஆப்புக்குள்ளேயேதான் கிடக்கும், வெளியே எடுத்துப் பென்டிரைவில் போட முடியாது. அதை விளக்குகிற பொறுமை தனசேகரனுக்கு அப்போது இல்லை.

அவன் முதலில் செய்தது, வீடியோக்களை அழித்தது. குரூப்பில் வந்த காலை வணக்கம், கோழிச் சண்டை, யாரோ வீட்டு நாய். நூறுக்கு மேல் அழித்தான். போனில் இடம் ஒரு பொட்டு கூடக் கூடவில்லை.

"அழிச்சதெல்லாம் குப்பைத்தொட்டில போயி உக்காந்துகினு கீதுங்க" என்றாள் கோகிலவாணி. "அதையும் காலி பண்ணாத்தான் எடம் வரும். இல்லாட்டி ஒரு மாசம் அங்கயே கெடக்கும்."

காலி செய்தார்கள். கொஞ்சம் இடம் வந்தது. ஆப் திறந்தது. இரண்டு பாட்டு ஓடியது, மூன்றாவதில் திரும்பவும் மூடிக்கொண்டது. பந்தியில் யாரோ கேலியாகக் கைதட்டினார்கள்.

"ஏங்க, நான் சொல்றதக் கேளுங்க. ஆப்பு குப்பைய தூக்கிடலாம்."

"வேணாம்."

"நாலு ஜிபிக்கு மேல இருக்கும்ங்க."

"வேணாம்ன்றேன்ல? கெட்டிமேளம் அதுக்குள்ளதான் கீது. அதுவும் போச்சின்னா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு அந்தாளு முன்னாடி நிக்கறது?"

"இப்ப மட்டும் இன்னா மூஞ்சி வச்சிக்கினு நிக்கிறீங்க? ஆப்பு தொறக்கவே மாட்டேங்குது."

தனசேகரன் குழாயை அண்ணாந்து பார்த்தான். குழாய் என்ன சொல்லும்?

சின்னப்பையன் புது வேட்டியோடு வந்து நின்றார். "செட்டுக்காரரே, கெட்டிமேளம் இருக்குதுல்ல? பொண்ணு கேக்குது."

"இருக்குதுங்க, இருக்குதுங்க" என்றான் தனசேகரன். அவர் போனதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தான். அவள் கையை மட்டும் நீட்டினாள். போனைக் கொடுத்தான். கொடுத்துவிட்டு அவள் தோளுக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டு நின்றான்.

ஆப்தான் திறக்கவில்லையே, அதனால் அவள் போனின் செட்டிங்ஸுக்குள் போனாள். ஆப்ஸ் என்ற இடத்தில் பாட்டு ஆப்பைத் தொட்டாள். சேமிப்பகம் என்பதைத் தொட்டாள். இரண்டு பட்டன்கள் வந்தன. போன் தமிழில் இருந்தது. இடப்பக்கம் 'தரவை அழி'. வலப்பக்கம் 'தற்காலிகச் சேமிப்பை அழி'.

"ரெண்டுமே அழின்னுதானே கீது!" என்றான் தனசேகரன். "தரவுன்னா இன்னா?"

"அதான் நம்ம பாட்டு, நம்ம கணக்கு எல்லாம். அந்தப் பக்கம் விரலே போகாது. பயப்படாதீங்க. இங்க பாருங்க, கீழ நம்பர் போட்டுக்கினு கீது. தரவு முப்பத்தொரு ஜிபி. தற்காலிகச் சேமிப்பு நாலே முக்கால் ஜிபி. பாட்டு எவ்வளவு வச்சிருக்கீங்க?"

"மூவாயிரத்து சொச்சம்."

"ஒண்ணு பத்து எம்பி. மூவாயிரத்துக்கு?"

தனசேகரன் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவனாக இருக்கலாம், கணக்குக்குப் பயந்தவன் இல்லை. உதட்டை அசைத்துப் பார்த்தான். "முப்பது ஜிபி."

"அப்ப இறக்கின பாட்டெல்லாம் எதுல கீது? முப்பத்தொண்ணுலயா, நாலே முக்கால்லயா?"

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு வருடமாக அவள் வாயால் சொன்னது ஏறவில்லை. அந்த நம்பர் ஏறியது. நாலே முக்காலுக்குள் மூவாயிரம் பாட்டு எப்படி அடங்கும்? அண்டாச் சோற்றைச் செம்பில் அடக்கினேன் என்றால் எவன் நம்புவான்?

"அந்த நாலே முக்கால் இன்னாதான் அது?"

"பந்தியில எச்சி எலை கீதுல்ல, அது மாதிரி. நீங்க கடையில நெட்டு வச்சி கேட்டுக்கினே இருக்கீங்களே, அப்ப ஓடுன பாட்டோட மிச்சம், படம், கிடம் எல்லாம். எலைய எடுத்துட்டா அடுத்த பந்தி போடலாம். அண்டாவுல கீற சோறு அப்படியே இருக்கும். கடைக்காரன் அன்னைக்கி அண்டாவையே கவுத்துட்டான்."

"அமுக்குனா, நெசமா அழிக்கவான்னு ஒரு தடவ கேக்குமா?"

"பாட்டெல்லாம் போற பட்டன்தான் கேக்கும். இது கேக்காது, சட்டுனு அழிச்சிடும்."

"கேக்காம செய்யறதுதான்மே எனக்கு பயமா கீது."

"யோவ்" என்றாள் கோகிலவாணி. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவள் அப்படிக் கூப்பிட்டது நாலோ ஐந்தோ தடவைதான் இருக்கும். "கட்டி இத்தனை வருஷத்துல உங்கள கேக்காம நான் செஞ்ச ஒரு வேலை கெட்டுப் போயிருக்குதா?"

தனசேகரன் கண்ணை மூடிக்கொண்டான். "அமுக்கு."

அமுக்கினாள். நாலே முக்கால் என்பது பூஜ்யமாகிவிட்டது. முப்பத்தொன்று முப்பத்தொன்றாகவே நின்றது. அவ்வளவுதான். ஒரு மணி அடிக்கவில்லை, ஒரு விளக்கு எரியவில்லை.

ஆப்பைத் திறந்தாள். திறந்தது. யார் நீ என்று கேட்கவில்லை. லிஸ்டுகள் வரிசையாக நின்றன. 'பந்தி ரெண்டு' லிஸ்டைத் தொட்டாள். ஒவ்வொரு பாட்டுக்குப் பக்கத்திலும் பச்சை அம்புக்குறி, இறங்கிவிட்டது என்பதற்கு அடையாளம். பாட்டு பெரிய பாக்ஸில் கிளம்பியதும் பந்தியில் விசில் பறந்தது. தனசேகரன் "மாமன் ஆட்டத்தைப் பாரு... சண்டை வந்தாவைப் பாரு..." என்று ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னான். தொலைந்துபோன ஆடு மாடு வீடு திரும்பினால் தலையை எண்ணுவார்களே, அப்படி. எல்லாம் இருந்தது.

"தாலியப் பாரு."

அவள் 'தாலி' லிஸ்டைத் திறந்தாள். ஆறு உருப்படி. ஐந்துக்குப் பச்சை அம்பு. புதுக் கெட்டிமேளம் மட்டும் சாம்பல் பூத்துக் கிடந்தது. தொட்டால் ஓடவில்லை.

தனசேகரனுக்கு முதலில் ரத்தம் தலைக்கு ஏறியது. "சொன்னேனா இல்லையா? போச்சி! உன் எச்சி எலைல அதுவும் போயிடுச்சி!"

"கத்தாதீங்க." அவள் குனிந்து பார்த்தாள். "இது போகல. வரவே இல்ல. பாருங்க, 'பதிவிறக்கக் காத்திருக்கிறது'ன்னு போட்டுக்கினு கீது. எப்ப சேத்தீங்க?"

"நேத்து மத்தியானம்."

"அப்பவே போன்ல எடம் கொஞ்சம்தான், அந்தக் கொஞ்ச எடத்துல ஆப்பு எதையும் எறக்காது. எப்படி எறங்கும்? எடமில்லன்னு ஒரு சேதி வந்திருக்குமே."

தனசேகரன் வாயைத் திறந்தான். ஈ ஓட்டிய விரல் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டான்.

"ஆனா நான் ரெண்டு தடவ போட்டுக் கேட்டேனே?"

"டவுன்ல நெட்டு கீது, ஓடும். இங்க?"

"பழசு?"

"நீங்கதானே லிஸ்ட்லருந்து தூக்கிட்டீங்க. தூக்கினா அதுவும் போன்ல இருந்து போயிடும்."

மணி எட்டரை. பந்தலில் மாப்பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் பிச்சைமுத்துவுக்குப் போனது. அவன் வாயைக் கொண்டுபோய் பந்தியில் வைத்தான். அடுத்த ஐந்து நிமிடத்தில் பத்துப் பேர் போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். எவர் போனிலாவது கெட்டிமேளம் இருக்குமா என்று தேடினார்கள். கிடைத்தது ஒரே ஒரு ரிங்டோன். இருபது விநாடி. கடைசியில் "உங்களை யாரோ அழைக்கிறார்கள்" என்று ஒரு பெண் குரல்.

"இதப் போட்டா மாப்ள தாலிய வுட்டுட்டு போனை எடுக்கப் போயிடுவான்ணா" என்றான் பிச்சைமுத்து. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தனசேகரன் சிரிக்கவில்லை.

நர்மதாவின் தாய்மாமன் மகன் குமார் என்று ஒருவர், முப்பது வயது, பைக்கை எடுத்துக்கொண்டு வந்தார். "மாமா, கரியாலூர் போற வழியில ஒரு பாறை கீது. அது மேல ஏறுனா டவர் ரெண்டு கோடு காட்டும். நாங்க பேங்க் மெசேஜ் பாக்கறதெல்லாம் அங்கதான். வர்றீங்களா?"

போனை எடுத்துக்கொண்டு போனால் செட்டு ஊமையாகிவிடும். கல்யாண வீட்டில் முகூர்த்த நேரத்தில் செட்டு ஊமையாக நிற்பதா? தனசேகரன் மனைவியைப் பார்த்தான். அவள் போனின் ஒயரைப் பிடுங்கி அவன் கையில் கொடுத்தாள். மைக்கை எடுத்தாள்.

"போங்க. நான் பாத்துக்கறேன்."

பைக் வளைவுகளில் சாய்ந்து சாய்ந்து போனது. தனசேகரன் போனைச் சட்டைப் பையில் வைக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பின்னாலிருந்து, அவன் கட்டிய குழாயில், அவன் மனைவியின் குரல் வந்துகொண்டே இருந்தது. "பெண் வீட்டார் சார்பா அனைவரையும் வருக வருகன்னு வரவேற்கிறோம்... பந்தியில எடம் இருக்குது, சாப்பிடாதவங்க வந்து சாப்பிடுங்க... மாப்பிள்ளைக்கு சித்தப்பா எங்க இருந்தாலும் மேடைக்கு வாங்க, உங்கள விட்டுட்டு தாலி கட்டமாட்டாங்களாம்..." இருபது வருடமாக செட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள், மைக்கில் பேசி அவன் கேட்டதில்லை. குரல் தடுமாறவே இல்லை.

"அத்தைக்கு நல்ல குரல் மாமா" என்றார் குமார்.

"ம்" என்றான் தனசேகரன். காதைப் பின்பக்கமே வைத்திருந்தான்.

பாறையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான். ஒரு கோடு வந்தது. போனைத் தலைக்கு மேல் தூக்கினான். இரண்டு கோடு. கையை இறக்கினால் போய்விடுகிறது. அப்படியே கையைத் தூக்கியபடி, கழுத்தை வளைத்து மேலே பார்த்துக்கொண்டு நின்றான். 'தாலி' லிஸ்டில் கெட்டிமேளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் சுழன்றது. இப்போது போனில் இடம் இருக்கிறது. சிக்னல்தான் பிச்சையாகச் சொட்டுகிறது. வட்டம் கால்வாசி. பாதி. நின்றது. தனசேகரன் குதிகாலை உயர்த்தினான். திரும்பச் சுழன்றது. தோள் கடுத்தது. கீழே மைக்கில் கோகிலவாணி மாப்பிள்ளையின் சித்தப்பாவை மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பச்சை அம்பு விழுந்தது.

இந்தத் தடவை அவன் அதை மட்டும் நம்பவில்லை. குமாரைப் பார்க்கச் சொல்லி, போனை ஃப்ளைட் மோடில் போட்டு, சிக்னலை அறுத்துவிட்டுப் பாட்டைத் தொட்டான். பாறை மேல் தவில் முழங்கியது. அப்புறம்தான் இறங்கினான்.

பந்தலுக்குள் அவன் நுழைந்தபோது ஐயர் இல்லாத கல்யாணத்தில் ஊர்ப் பெரியவர் தாலித் தட்டைச் சபையில் சுற்றக் கொடுத்திருந்தார். எல்லோரும் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நர்மதா தலை குனியாமல் செட்டு இருக்கும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். தனசேகரன் ஒயரைச் செருகினான். கையைத் தூக்கிக் காட்டினான். அந்தப் பெண் அதற்குப் பிறகுதான் தலை குனிந்தாள்.

கோகிலவாணி மைக்கை வைத்துவிட்டு வழக்கமான தன் ஸ்டூலில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பெட்டிக்குப் பின்னால், உட்காரப் போனாள். அங்கே உட்கார்ந்தால் பாக்ஸ் மறைக்கும், மேடை தெரியாது. இத்தனை வருடத்தில் ஆயிரம் கல்யாணத்துக்குத் தாலிப் பாட்டுப் போட்டிருக்கிறார்கள். ஒரு தாலியைக் கூட அவள் முழுசாகப் பார்த்ததில்லை.

"இங்க இன்னா உக்கார்றே?" என்றான் தனசேகரன்.

"பின்ன?"

"போயி முன்னாடி நின்னு அட்சதை போட்டுட்டு வா. நான் பாத்துக்கறேன்."

"அய்ய, நீங்க எதையாவது அமுக்கித் தொலைச்சா?"

"அமுக்கமாட்டேன், போம்மே. சொல்றேன்ல."

அவள் அவனை ஒரு மாதிரிப் பார்த்தாள். அப்புறம் முந்தானையைச் சரி செய்துகொண்டு கூட்டத்துக்குள் போனாள். யாரோ அவள் கையில் மஞ்சள் அரிசியைக் கொட்டினார்கள்.

பெரியவர் கையை உயர்த்தினார். தனசேகரன் தொட்டான். தவிலும் நாகஸ்வரமும் ஒன்றாகக் கிளம்பி மலையில் மோதித் திரும்பின. தாலி ஏறியது. அரிசி பறந்தது. அவன் இருந்த இடத்திலிருந்து பெண்ணும் தெரியவில்லை, மாப்பிள்ளையும் தெரியவில்லை. கூட்டத்துக்கு மேல் உயர்ந்து அரிசியை வீசிய ஒரு கை மட்டும் தெரிந்தது. கண்ணாடி வளையல், விரலில் மோதிரம் இல்லை. அவனுக்குத் தெரிந்த கை.

மூன்று முடிச்சும் விழுந்தாயிற்று. மேளத்தை நிறுத்த வேண்டியதுதான். மேடையிலிருந்து பெரியவர் கூட்டத்துக்கு மேல் கையைத் தூக்கிப் போதும் என்று காட்டினார். தனசேகரன் பார்க்காத மாதிரி மிக்சரின் குமிழ் ஒன்றைத் திருகிக்கொண்டிருந்தான். கோகிலவாணி இன்னும் மேடையையே பார்த்தபடி நின்றாள். அவள் திரும்புகிற வரைக்கும் மேளம் ஓடட்டும் என்று விட்டுவிட்டான்.